ஒரு தமிழாக்கத்தை ஒப்படைக்கும் குறிப்பு: ஸ்ரீவசன பூஷண வ்யாக்யானச் சொற்களில் முடிந்தவையும் முடியாதவையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பேத்துப்பாறை

ஸ்வாமி, தேவரீர் திருவடிகளில் அடியேனுடைய விண்ணப்பம்.

பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்த ஸ்ரீவசன பூஷணத்துக்கு மணவாள மாமுனிகள் இட்டருளிய வ்யாக்யானத்தை இக்காலத் தமிழில் எழுதும் பணியிலிருந்து அடியேன் விலகுகிறேன். கண்பார்வை குறைந்துவிட்டது. அச்செழுத்தின் நடுப்பகுதி தெரியாமல் ஓரம் மட்டுமே தெரிகிறது. ஒற்றும் கொம்பும் மாறினால் பொருள் மாறும் நூலில், ஊகித்துப் படிக்கும் கண்ணை நம்பிப் பணியைத் தொடர்வது அபசாரமாகும். ஆகவே கோப்புகளையும் சொற்பட்டியலையும் தேவரீரிடம் ஒப்படைக்கிறேன். அவற்றோடு, அவற்றில் எழுதி முடியாத சிலவற்றை இக்குறிப்பில் எழுதி வைக்கிறேன். இவ்வகைப் பணியில் இறங்கியிருக்கும் மற்ற பாகவதர்களுக்கும் உதவும் என்று பத்திரிகையில் வெளியிடக் கேட்டார்கள், அதற்கும் இசைந்தேன்.

இந்நூல் கைமாறிய வழி

இந்நூலை ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைப்பது புதிதன்று. 1323ஆம் ஆண்டளவில் திருவரங்கத்தின்மேல் படையெடுப்பு வந்தபோது, நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு புறப்பட்ட பிள்ளை லோகாசார்யர், ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்பது பூர்வாசார்யர்கள் காட்டிய வரலாறு. மதுரைக்கு அருகே ஆனைமலை அடிவாரத்திலுள்ள கொடிக்குளமே அவ்விடம் என்பர். அந்த இறுதி நாள்களில் அவர் தம் சிஷ்யர்களிடம் ஓர் ஏற்பாடு செய்தருளினார். மதுரையில் ராஜ்ய காரியத்தில் ஈடுபட்டிருந்த திருமலையாழ்வாரை மீட்டு, அவருக்கு ஸம்ப்ரதாய அர்த்தங்களை உபதேசிக்கும்படி நியமித்தார். கூரகுலோத்தம தாஸர் அவரை மீட்டார். ஒவ்வோர் அர்த்தமும் அதனை அறிந்த ஒவ்வொருவரிடமிருந்து அவருக்குக் கிடைத்தது. ஸ்ரீவசன பூஷணத்தின் அர்த்தங்களைத் திருவனந்தபுரத்தில் எழுந்தருளியிருந்த விளாஞ்சோலைப் பிள்ளை உபதேசித்தார். அந்தத் திருமலையாழ்வாரே திருவாய்மொழிப் பிள்ளை. அவருடைய சிஷ்யரே நமக்கு இந்த வ்யாக்யானத்தை அருளிய மாமுனிகள்.

இதில் அடியேன் கண்டது ஒன்று. பிள்ளை லோகாசார்யர் ஒப்படைத்தது ஓலைச்சுவடியை மட்டுமன்று. இன்ன அர்த்தம் இன்னாரிடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே ஒப்படைத்தார். நம் சொற்பட்டியலில் "யாரிடம் கேட்டது" என்று ஒரு கட்டம் இருப்பதன் காரணம் இதுவே. ஒரு சொல்லுக்கு நாம் எழுதிய பொருள் காலக்ஷேபத்தில் கேட்டதா, அகராதியில் கண்டதா, அடியேன் ஊகித்ததா என்பது அக்கட்டத்தில் இருக்கும். ஊகம் என்று எழுதியிருப்பதைத் தேவரீர் முதலில் சோதிக்க வேண்டும்.

பட்டியலைப் படிக்கும் முறை

சொற்பட்டியலில் ஆறு கட்டங்கள் உண்டு: மூலச்சொல், அது வரும் இடம், அவ்விடத்துப் பொருள், நாம் தேர்ந்த சொல், நாம் விலக்கிய சொல், யாரிடம் கேட்டது. இவற்றில் ஐந்தாவதைத் தேவரீர் அலட்சியம் செய்யலாகாது. தேர்ந்த சொல்லைப் பார்த்தவுடன் "இதைவிட எளிய சொல் இருக்கிறதே" என்று தோன்றும். அந்த எளிய சொல் பெரும்பாலும் ஐந்தாவது கட்டத்தில் ஏற்கெனவே இருக்கும். அதனை ஒருமுறை வைத்துப் பார்த்துப் பிழைபட்டுத்தான் விலக்கினோம்.

இடத்தைக் குறிக்க ஸூத்ர எண்ணை அடியேன் பயன்படுத்தவில்லை. ஸ்ரீவசன பூஷணத்தின் ஸூத்ரங்களை 463 என்று எண்ணுவது பெருவழக்கு. ஆயினும் எல்லாப் பதிப்புகளும் ஒரே இடத்தில் ஸூத்ரத்தை வெட்டுவதில்லை. ஒன்றில் ஒரே ஸூத்ரமாய் இருப்பது மற்றொன்றில் இரண்டாய் இருக்கும். அங்கிருந்து எண்கள் எல்லாம் தள்ளிப்போகும். நூலைப் பகுக்கும் முறையிலும் ஆறு ப்ரகரணம் என்று கொள்வதும் ஒன்பது என்று கொள்வதும் உண்டு. ஆகவே ஸூத்ரத்தின் முதல் இரண்டு மூன்று சொற்களையே அடையாளமாக எழுதியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வாசிப்பவர் எந்தப் பதிப்பை வைத்திருந்தாலும் அவ்விடத்தைக் கண்டுகொள்வார்.

முடிந்தவை

பணியைத் தொடங்கியபோது வடசொற்களே தடையாக இருக்கும் என்று அடியேன் நினைத்தேன். நேர்ந்தது வேறு. தெரியாத சொல் வந்தால் நாம் நின்று, கேட்டு, தெரிந்துகொள்கிறோம். மாமுனிகள் காலத்தில் ஒரு பொருளிலும் நம் காலத்தில் வேறொரு பொருளிலும் வழங்கும் சொல் வந்தால், நாம் நிற்பதே இல்லை. தெரிந்த சொல் என்றே கடந்து போகிறோம். பெரும்பிழைகள் எல்லாம் அங்கேதான் நேர்ந்தன.

முதலில் மிகச் சிறிய சொல் ஒன்று: "வாசி". வ்யாக்யானங்களில் இதற்கு வேறுபாடு என்பது பொருள். உபாயத்துக்கும் உபேயத்துக்கும் வாசி அறியாதவன் என்றால், அவ்விரண்டின் வேறுபாட்டை அறியாதவன். தொடக்கத்தில் உதவிக்கு வந்த ஓர் இளைஞர் இதனை "வாசிக்கத் தெரியாதவன்" என்று எழுதித் தந்தார். அதனைக் கண்டு சிரித்துத் திருத்திவிட்டேன். இத்தகைய பிழை கண்ணுக்குத் தெரியும். வாக்கியம் பொருளற்றுப் போவதால் தானே வெளிப்படும். பொருள் பொருந்துவது போல் அமைந்துவிடும் பிழையே அச்சத்துக்குரியது. அதற்கு மேலே மூன்று சொற்களைக் காட்டுகிறேன்.

*அன்றிக்கே.* இச்சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒரு பெயரையோ தொழிற்பெயரையோ ஒட்டி வந்தால் "இன்றி, இல்லாமல்" என்று பொருள். பலனை விரும்புகை அன்றிக்கே கைங்கர்யம் செய்தல் என்றால், பலனை விரும்பாமல் செய்தல். முடிந்துவிட்ட ஒரு வாக்கியத்துக்குப் பின், அடுத்த வாக்கியத்தின் தலைப்பில் வந்தால், "இதுவும் அல்லாமல் மற்றொரு விதமாகவும் பொருள் கொள்ளலாம்" என்பது கருத்து. இரண்டாவதை முதலாவதாகப் படித்தால், முன் சொன்ன பொருளை வ்யாக்யாதா மறுத்துவிட்டார் என்று ஆகிவிடும். உண்மையில் அவர் மறுக்கவில்லை. இரண்டு நிர்வாஹங்களையும் அருகருகே வைத்திருக்கிறார்.

பழைய அச்சுப் புத்தகங்களில் நிறுத்தற்குறிகள் குறைவு. வாக்கியம் எங்கே முடிந்தது என்பதே சில இடங்களில் தெரியாது. அப்போது முன்னே பார்ப்பதை விட்டுப் பின்னே பார்க்க வேண்டும். அந்தப் பகுதியின் முடிவில் "என்றுமாம்" என்றோ "என்னவுமாம்" என்றோ இருந்தால், அது மாற்றுப் பொருளே. இத்தகைய இடங்களில் தனிப் பத்தியாகப் பிரித்து, "மற்றொரு பொருள்" என்று தொடங்க வேண்டும் என்பது முடிவு. "அல்லது" என்று எழுதுவதை விலக்கினோம். "அல்லது" என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட வேண்டும் என்று இக்கால வாசகர் கொள்கிறார்.

*உபாயம்.* இன்றைய பேச்சில் உபாயம் என்றால் தந்திரம், யுக்தி. ஆகவே "வழி" என்று எழுதலாம் என்று தோன்றும். முதல் ஆண்டில் அப்படியே எழுதினேன். ஆனால் வழி என்பது நடப்பவனை எதிர்பார்ப்பது. நாம் நடந்தால்தான் அது நம்மைச் சேர்க்கும். ஸித்தோபாயம் எம்பெருமானே. அங்கே சேர்ப்பவனும் அவனே. "எம்பெருமானே வழி" என்று எழுதியவுடன், அவ்வழியில் நடக்க வேண்டியது நம் பொறுப்பு என்ற எண்ணம் வாசகருக்குத் தானே வந்துவிடுகிறது. "சாதனம்" என்று மாற்றினால், இக்காலத்தில் அது கருவிகளின் பெயராகிவிட்டது. "உபாயம்" என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ப்ரகரணத்திலும் முதன்முறை வரும்போது "பேற்றைத் தரும் காரணம்" என்று விளக்கம் சேர்ப்பது என்று முடிவு செய்தோம்.

இதே நெறியில்தான் நிர்ஹேதுக க்ருபை என்பதையும் "காரணமற்ற அருள்" என்று எழுதுவதை விலக்கினோம். காரணமற்றது என்றால், தோன்றினால் தோன்றும், இல்லாவிட்டால் இல்லை என்ற தொனி வருகிறது. அருளுக்குக் காரணம் இல்லை என்பதன்று நூலின் கருத்து. அந்தக் காரணத்தை எம்பெருமான் நம்மிடத்தில் தேடுவதில்லை. அது அவனிடத்திலேயே உள்ளது. ஆகவே "நம்மிடத்தில் காரணம் தேடாத அருள்" என்று எழுதுகிறோம். சற்று நீளந்தான். சுருக்க வேண்டா.

அடியேன் செய்த பிழை

மூன்றாவது சொல் *அபிமானம்.* இதனைத் தனியே விரித்து எழுதுகிறேன். இது அடியேன் செய்த பிழை. பல மாதங்கள் வாசகர் கையில் இருந்த பிழை.

நூலின் முடிவுப் பகுதியில் ஆசார்ய அபிமானம் பேசப்படுகிறது. மற்ற உபாயங்களில் இழியும் சக்தி இல்லாதவனுக்கும் இது உஜ்ஜீவனத்தைத் தரும் என்று நூல் அதனை உயர்த்தி நிறுத்துகிறது. இக்காலத் தமிழில் அபிமானம் என்றால் ஒருவர்மீது நாம் வைக்கும் பற்று. கட்சி அபிமானி, நடிகரின் அபிமானி என்று நாள்தோறும் கேட்கிறோம். அந்தப் பழக்கத்தில் அடியேன் "ஆசார்யரிடத்தில் நாம் கொள்ளும் பற்று" என்று எழுதினேன். வாக்கியம் சரளமாகவே இருந்தது. ஆசார்ய பக்தி உயர்ந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆகவே படித்த எவருக்கும் தட்டவில்லை.

தட்டியது ஒரு மூதாட்டிக்கு. இந்த மலையில் யானை இறங்கும் காலத்தில் இருட்டிய பின் யாரும் வெளியே போவதில்லை. காபித் தோட்டத்து வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும் அந்த நேரத்தில், தொலைபேசி வழியே சிலருக்கு அன்றன்று எழுதிய பக்கங்களைப் படித்துக் காட்டுவது அடியேனுடைய வழக்கம். அந்தப் பகுதியைப் படித்த இரவு, வெகுநாளாகக் கேட்டுவரும் அந்த அம்மையார் சொன்னார்: "ஸ்வாமி, எனக்கு ஒன்றுக்கும் சக்தி இல்லை என்பதால்தானே இதைச் சொல்கிறார் என்றீர்கள்? ஆசார்யரிடம் அப்படி ஒரு பற்று வைக்கவும் எனக்குச் சக்தி இல்லையே. மனம் அங்கே நிற்கவில்லையே. அப்படியானால் இதுவும் எனக்கு இல்லை, அப்படித்தானே?"

அடியேன் பதில் சொல்ல முடியாமல் நாளை சொல்கிறேன் என்றேன். அந்த இரவு வ்யாக்யானத்தை மறுபடி திறந்து, ஒன்றை மட்டும் பார்த்தேன். அபிமானிப்பவர் யார்? எழுவாய் எது? அங்கே எழுவாய் சிஷ்யன் அல்லன், ஆசார்யர். இவன் என்னுடையவன் என்று ஆசார்யர் சிஷ்யனைத் தம்மவனாகக் கொள்வதே அபிமானம். ஐயம் தீரப் பிள்ளை லோகாசார்யருடைய மற்றொரு ரஹஸ்யமான அர்த்த பஞ்சகத்தையும் பார்த்தேன். ஆசார்ய அபிமானத்தை அவர் அங்கே ஒரு தாயைக் காட்டி விளக்குகிறார். பால் குடிக்கும் குழந்தைக்கு நோய் வந்தால், அதனைத் தன் குறையாகக் கருதித் தாய் தானே மருந்து உண்கிறாள். மருந்து உண்பது குழந்தையன்று. அது கசப்பைக்கூட அறியாது. அதற்கு நோய் இருப்பதும் தாயின் மடியில் அது இருப்பதும் மட்டுமே அதன் பங்கு.

இப்போது அடியேனுடைய பிழையின் அளவு விளங்கியது. ஒன்றும் செய்ய இயலாதவனுக்கென்று நூல் வைத்த இடத்தில், "பற்று" என்ற ஒரு செயலை அடியேன் அவன் தலையில் ஏற்றிவிட்டேன். மருந்தைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டேன். நூல் முழுவதும் நம் முயற்சியிலிருந்து விலக்கி விலக்கிக் கொண்டுவந்த வாசகரைக் கடைசிப் பகுதியில் மறுபடி அவருடைய முயற்சியிடமே தள்ளியிருக்கிறேன். மறுநாள் அந்த அம்மையாரிடம், "பற்று வைக்க வேண்டியது நீங்கள் அல்ல, உங்களைத் தம்மவள் என்று கொண்டவர் உங்கள் ஆசார்யர்" என்று சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படித்தான் எங்கள் தகப்பனார் சொல்லியிருந்தார்; எழுத்தில் வேறாக இருக்கவே பயந்துபோனேன்" என்றார்.

இதிலிருந்து ஒரு சோதனையை வழக்கமாக்கிக்கொண்டோம். பழகிய சொல் வரும்போதெல்லாம், செயலைச் செய்பவர் யார் என்று மூலத்தில் பார்க்க வேண்டும். நம் தமிழிலும் அவரேதான் செய்கிறாரா என்று ஒப்பிட வேண்டும். அடுத்து, அதற்குப் பின்வரும் ஸூத்ரம் சொல்லும் காரணம் நம் மொழிபெயர்ப்போடு இன்னும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அடியேன் அன்றே இதைச் செய்திருந்தால், சக்தியற்றவனைப் பற்றிய பேச்சும் பற்றை வேண்டும் பேச்சும் ஒன்றோடொன்று மோதுவது தெரிந்திருக்கும்.

திருத்தத்திலும் ஓர் அபாயம் உண்டு. எல்லா இடத்திலும் "தம்மவன் என்று கொள்ளுதல்" என்று ஒரே மூச்சில் மாற்றிவிடக் கூடாது. தேஹாத்மாபிமானம் என்னுமிடத்தில் அபிமானம் என்றால் உடலையே ஆத்மா என்று எண்ணும் மயக்கம். வேறு சில இடங்களில் அது செருக்கு. ஆகவே பட்டியலில் இச்சொல்லுக்கு மூன்று வரிகள் இருக்கின்றன. கணினியில் தேடி மாற்றும் வசதியை இச்சொல்லுக்குப் பயன்படுத்த வேண்டா. ஒவ்வோர் இடமாகப் பார்த்தே மாற்ற வேண்டும். முடிவுப் பகுதியை அடியேன் முழுதும் திருத்திவிட்டேன். நடுப் ப்ரகரணங்களில் ஆசார்யரைப் பற்றிய பேச்சு இடையிடையே வரும் இடங்களைத் தேவரீர் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே பழைய மொழிபெயர்ப்பு எஞ்சியிருக்கக்கூடும்.

முடியாதவை

இரண்டு சொற்களை அடியேனால் முடிக்க இயலவில்லை. பட்டியலில் அவற்றுக்கு எதிரே வினாக்குறி இட்டிருக்கிறேன்.

முதலாவது *புருஷகாரம்.* நூல் தொடங்குவதே பிராட்டியின் புருஷகார வைபவத்திலும் எம்பெருமானின் உபாய வைபவத்திலும்தான். இதற்குத் தமிழ்ச்சொல் இல்லாமல் முதல் பக்கத்தையே தாண்ட முடியாது. "பரிந்துரை" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதில் அடியேனுக்கு நிறைவில்லை. பரிந்துரை ஒரு பக்கமாகப் போவது. கீழே இருப்பவனுக்காக மேலே இருப்பவரிடம் ஒரு சொல் சொல்வதோடு பரிந்துரைத்தவரின் வேலை முடிகிறது. பிராட்டி செய்வது அவ்வளவன்று. எம்பெருமானோடு கூடியிருக்கும்போது அவனைத் திருத்துகிறாள். பிரிந்திருக்கும்போது சேதனனைத் திருத்துகிறாள் என்று நூல் இரண்டையும் சொல்கிறது. அசோகவனத்தில் சிறையிருந்த நிலையிலும் ராவணனுக்கே அவள் நல்லது சொன்னதை நினைத்தால் இது விளங்கும். குற்றம் செய்த மகனுக்கும் கோபித்த தகப்பனுக்கும் நடுவே நின்று இருவரோடும் பேசும் தாய்க்கு நம் வீடுகளில் என்ன பெயர் சொல்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். "சமாதானம் செய்பவள்" என்றால் இரு தரப்பும் சமம் என்றாகிறது. "இடைநிற்பவள்" என்றால் குறுக்கே நிற்பவள் போலிருக்கிறது. "சிபாரிசு" அலுவலக வாசம் வீசுகிறது.

இப்போதைக்கு அடியேனுடைய கருத்து, "புருஷகாரம்" என்பதையே வைத்து, முதல் பக்கத்தில் அரைப் பக்க விளக்கம் தருவது நல்லது என்பது. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துபவர்கள், முதல் பக்கத்திலேயே தெரியாத சொல் வந்தால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்கிறார்கள். அதுவும் மெய்தான். தேவரீர் இரண்டு வகையாகவும் முதல் ப்ரகரணத்தை எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டி முடிவு செய்யலாம்.

இரண்டாவது *பாரதந்த்ர்யம்.* தொடக்கத்தில் சேஷத்வம், பாரதந்த்ர்யம் இரண்டுக்குமே "அடிமைத்தனம்" என்று எழுதியிருந்தேன். அது தவறு. தங்கக் கட்டியையும் தங்க ஆபரணத்தையும் காட்டி முன்னோர் இவற்றின் வாசியை விளக்குவர். கட்டி பிறருக்குப் பயன்படும் தகுதி உடையது. சேஷத்வம் அதைப் போன்றது. ஆபரணமோ அணிபவர் வேண்டும்போது அணியவும் வேண்டாதபோது கழற்றவும் உரியது; பாரதந்த்ர்யம் அதைப் போன்றது. சேஷத்வத்துக்கு "உரிமைப்பட்டிருத்தல்" என்று எழுதி ஒருவாறு முடித்தோம். பாரதந்த்ர்யத்துக்கு "அவன் இட்ட வழக்காய் இருத்தல்" என்று எழுதியிருக்கிறேன். பொருள் சரி. தடை அதன் எதிர்ச்சொல்லில் இருக்கிறது. ஸ்வாதந்த்ர்யத்தை நூல் ஆத்மாவின் நோயாகச் சொல்கிறது. அதே சொல் "சுதந்திரம்" என்று ஆகி, நம் நாட்டில் பலர் உயிர் கொடுத்துப் பெற்ற ஒன்றின் பெயராக இருக்கிறது. "சுதந்திரம் தீது" என்று ஒரு பிள்ளை படித்தால் நூலைத் தவறாகவே புரிந்துகொள்ளும். "தன்னிச்சை" என்று எழுதினால், விருப்பம்போல் ஆடுதல் என்று குறுகிவிடுகிறது. ஆத்மா தன்னைத் தனக்கே உரியதாக எண்ணுவது என்ற ஆழம் அதில் இல்லை. "தன்னுரிமை எண்ணம்" என்று ஓரிடத்தில் எழுதிப் பார்த்திருக்கிறேன். அது யாரிடமும் கேட்காத ஊகம். அப்படியே குறித்தும் இருக்கிறேன்.

வினாக்குறி நீண்ட காலம் நிற்பதைக் கண்டு தேவரீர் வருந்த வேண்டா. ஆசார்ய ஹ்ருதயத்துக்கு வ்யாக்யானம் இட்டருளும்போது ஓரிடத்தில் மாமுனிகளுக்கு ஐயம் வந்தது. அவர் ஊகித்து எழுதி மேலே செல்லவில்லை. திருநாராயணபுரத்து ஆய் ஸ்வாமியிடம் கேட்டறிய வேண்டும் என்று பணியை நிறுத்திவிட்டு ஆழ்வார்திருநகரியிலிருந்து புறப்பட்டார். அவரைக் காணவே அந்த ஆய் எதிரே எழுந்தருளினார் என்று பெரியோர் சொல்வர். கர்நாடகம் வரை நடந்து போகத் துணிந்தது, நூலில் ஓரிடத்துக்காக. அந்த மாமுனிகளின் வாக்கைத் தமிழாக்கும் நாம், இரண்டு சொற்களுக்காகச் சில காலம் காத்திருப்பதில் குறைவில்லை.

கையில் சேர்பவை

கோப்புகள் எல்லாம் ப்ரகரண வரிசையில் இருக்கின்றன. திருத்தம் செய்யும்போது பழைய வரியை அழிக்காமல், அதன் கீழே புதியதை எழுதித் தேதி இடுவது நம் வழக்கம். பழைய வரி இருந்தால்தான் ஏன் மாற்றினோம் என்பது தெரியும். இல்லாவிட்டால் பின்னால் வருபவர் அதே பிழைக்குத் திரும்புவார். அச்சுப் புத்தகங்கள் இரண்டையும் ஈரம் படாமல் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மலை மூட்டத்தில் ஓரங்கள் சற்றுப் பூத்திருக்கின்றன. வெயிலில் காய வைத்துவிட்டுத் திறக்கவும். பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பவை அடியேன் காலக்ஷேபத்தில் கேட்டவை. மையால் எழுதியிருப்பவை அடியேனுடைய சொந்த எண்ணங்கள். இரண்டும் முரண்பட்டால் பென்சிலையே கொள்ள வேண்டும்.

இரவில் தொலைபேசி வழியே கேட்பவர்களின் பட்டியலையும் வைத்திருக்கிறேன். எழுதிய பக்கத்தை வெளியிடுமுன் அவர்களுக்குப் படித்துக் காட்டுவதைத் தேவரீர் விட்டுவிடக் கூடாது. அந்த அம்மையார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாரதந்த்ர்யப் பகுதியை அவருக்கு இன்னும் படிக்கவில்லை.

அடியேன் ராமாநுஜ தாஸன்